பிள்ளையார் சுழி போட்ட ஷீட்

பழி வாங்குவது நல்ல குணமில்லை என்று எனக்குப் புத்தி சொல்ல வந்தவர்கள் யாருக்கும், வெள்ளை மரத்தில் சிவப்புச் சாயம் பூசி யாரும் விற்றதில்லை. எனக்கு விற்றார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் மனசுக்குள் வைத்திருந்து, முந்நூறு பேர் பிரியாணிக்குக் காத்திருந்த மண்டபத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் அடிக்கும் பட்டறைகளுக்கு நடுவில் எனக்கு ஒரு மாடுலர் கிச்சன் பட்டறை. வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு வருடத்தில் ஒன்பது மாதம் வடக்கே போய்விடுவார். பட்டறையை நான்தான் பார்க்கிறேன். அளவெடுப்பேன், படம் போடுவேன், சரக்கு எடுப்பேன். ரம்பத்தைத் தொடுவது மட்டும் அப்போது ஆசாரி பாய்.

பாய் சேலம் சூரமங்கலத்துக்காரர். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வந்தால் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஊருக்குப் போவார். ஒன்பது வருடம் என்னோடு வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு கதவு சரியாக உட்கார்ந்தால் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார். நான் கோபக்காரி. எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். என் வாயைப் பொறுத்துக்கொண்டு ஒன்பது வருடம் இருந்த ஒரே மனிதர் அவர்தான்.

மூன்றாவது ஆள், பிளைவுட் கடைக்காரர். நாமக்கல் ரோட்டில் பெரிய கடை, பின்னால் அதைவிடப் பெரிய குடோன். சுற்று வட்டாரத்தில் ஆசாரிகள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். "ஓரத்தைக் காட்டுங்க, ஜாதகத்தைச் சொல்றேன்" என்பது அவர் எப்போதும் அடிக்கும் பீற்றல். ஆனால் பொய்ப் பீற்றல் இல்லை. ஷீட்டின் ஓரத்தை ஒரு பார்வை பார்த்தால் உள்ளே என்ன மரம், எத்தனை அடுக்கு, என்ன பசை, தண்ணீருக்குத் தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவார். ஓரத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பினால்கூடப் போதும். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. குடோனிலிருந்து எந்த லோடு கிளம்பினாலும், மேலே இருக்கும் ஷீட்டில், கம்பெனி முத்திரைக்குக் கீழே, சிவப்புக் கிரேயானால் தன் கையாலேயே ஒரு பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே போகிற ஊரையும் எண்ணிக்கையையும் எழுதுவார். வேலையாட்களை எழுதவிடமாட்டார். சுழியின் வால் நீளமாகக் கீழே இறங்கி இடது பக்கம் ஒரு கொக்கி போடும். அந்தக் கொக்கியைப் பார்த்தாலே அவர் கடைச் சரக்கு என்று இங்கே எந்த ஆசாரியும் சொல்லிவிடுவான்.

அந்த வருடம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கிச்சன் வேலை வந்தது. வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற டீச்சர். "சிங்க்குக்குக் கீழ தண்ணி பட்டாலும் அசையக் கூடாது" என்று ஒரே பிடிவாதம். சரி என்று மரைன் பிளைவுட் ஆறு ஷீட் சொன்னேன். மரைன் என்றால் ஐ.எஸ். 710. கொதிக்கிற தண்ணீரில் எழுபத்திரண்டு மணி நேரம் போட்டாலும் பசை விடக்கூடாது என்பது அதற்குக் கணக்கு. ஐ.எஸ். 303 என்று வருவது அதற்குக் கீழ். அதில் கொஞ்சம் தண்ணீர் தாங்கும் ரகமும் உண்டு, ஈரக்காற்றுக்கு மட்டும் தாங்குகிற கமர்ஷியல் ரகமும் உண்டு. கமர்ஷியலை டி.வி. அலமாரிக்குப் போடலாம், துணி பீரோவுக்குப் போடலாம். சிங்க்குக்குக் கீழே போட்டால் அவ்வளவுதான், பிரெட் மாதிரி ஊறிவிடும்.

ஷீட் வந்து இறங்கியது. முத்திரையைப் பார்த்தேன். ஐ.எஸ்.ஐ. குறி, அதற்கு மேலே 710. கீழே அண்ணா போட்ட சிவப்புச் சுழி. ஓரமெல்லாம் நல்ல செம்பழுப்பு. திருப்தியாகிவிட்டது எனக்கு.

பாய் முதல் ஷீட்டை ரம்பத்தில் ஓட்டினார். பாதியில் நிறுத்திவிட்டு, தரையில் கிடந்த தூளைக் கையில் அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தூள் வெள்ளையா இருக்கும்மா. ரம்பம் வெண்ணெயில போற மாதிரி போவுது. மரைன்னா இப்படிப் போவாது."

டெலிவரிக்கு நான்கு நாள்தான் இருந்தது. டீச்சர் வீட்டில் பால் காய்ச்சத் தேதி குறித்துவிட்டார்கள். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அதொண்ணுமில்லீங்க அம்மிணி, புது லாட்டு. கலர் கொஞ்சம் வெளுப்பா வருது. முத்திரை இருக்குதல்லங்க? அப்பறம் என்ன, கண்ணை மூடிட்டு அறுக்கச் சொல்லுங்க" என்றார்.

பாயிடம் திரும்பினேன். "முத்திரை இருக்கு பாய். அண்ணாவுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது? அறுங்க" என்றேன். அவர் கையிலிருந்த தூளைக் கீழே தட்டிவிட்டுப் போய் அறுத்தார். என் தப்புகளில் இது முதல் தப்பு.

எட்டு மாதம் ஆனது. ஐப்பசி மழை முடிந்த கையோடு டீச்சரிடமிருந்து போன். சிங்க் குழாயில் லேசாகக் கசிவு இருந்திருக்கிறது. கீழ் அலமாரியின் பக்கப் பலகை உப்பி, மைக்கா பிய்ந்து, கதவு மூட முடியாமல் நின்றது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அடுக்கு அடுக்காக வாயைப் பிளந்துகொண்டிருந்தது.  டீச்சர் அதை அப்படியே வீடியோ எடுத்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மரைன் என்று சொல்லி மட்டச் சரக்கைப் போட்டு ஏமாற்றிய பெண் என்று என் பேரோடு, பட்டறைப் பேரோடு. அந்த வீடியோ அன்றைக்கே திருச்செங்கோட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் பஸ் பிடித்து வந்த மாதிரி.

நேராகக் கடைக்குப் போனேன். அண்ணா கல்லாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போட்டோவைக் காட்டினேன். ஓரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். அந்தப் பார்வை என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"இது எங்க கடைச் சரக்கே இல்லீங்க அம்மிணி" என்றார் நிதானமாக. "எங்ககிட்ட இருந்து போனது அசல் செவன் டென். நடுவால ஆராச்சும் மாத்தியிருப்பாங்க. உங்க பாயைக் கேட்டுப் பாருங்க. சனிக்கிழமையானா பை நிறைய என்னத்தையோ தூக்கிட்டுப் போறாருன்னு சொல்றாங்களே."

கடையில் நான்கைந்து ஆசாரிகள் இருந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னார்.

இரண்டாவது தப்பை இப்போது சொல்கிறேன். பட்டறைக்கு வந்தேன். பாய் ஓர் இழுப்பறைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தலை முழுக்க அந்த வீடியோ. யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டும் போலிருந்தது.

"பாய், அந்த ஃபேர்லேண்ட்ஸ் ஷீட்டு… நீங்க ஏதாச்சும் மாத்தினீங்களா?"

கேட்டுவிட்டேன். ஒன்பது வருடத்தில் ஒரு ஸ்க்ரூ திருடாத மனிதரை, தூளைக் கையில் அள்ளிக் காட்டிய மனிதரை, அப்படிக் கேட்டேன். அவர் 'நான்தான் அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.  இழைப்புளியைத் துடைத்தார். உளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். பையில் வைத்தார். பையின் வாயை நன்றாக விரித்து, நான் உள்ளே பார்க்கும்படி ஒரு நிமிடம் பிடித்துக் காட்டினார். பிறகு "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை.

அதற்குப் பிறகு அவருக்குப் பெரிய வேலை எதுவும் கிடைக்கவில்லை. ஷீட் மாத்துற பாய் என்று பேர் ஒட்டிக்கொண்டது. சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புகளில் கட்டில் கால் ஆட்டம், ஜன்னல் தாழ்ப்பாள் என்று சில்லறை வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு முறை போன் செய்தேன். வேலை இருக்கிறது வாங்க என்று கூப்பிட்டேன். "பாக்கலாம்மா" என்றார். மன்னிச்சிருங்க பாய் என்கிற வார்த்தை மட்டும் என் வாயில் வரவே இல்லை. எதுக்கெடுத்தாலும் நீளுகிற வாய்.

எனக்கும் வேலை பாதியாகக் குறைந்தது, இருந்ததை நானே ரம்பத்தில் அறுத்தேன். ஆனால் நான் சும்மா உட்காரவில்லை. ஆத்திரத்துக்குப் படிக்கிற புத்தி நிறைய. கிடைத்த ஒவ்வொரு ஷீட்டையும் ஓரம் பார்த்தேன். கடையிலிருந்து வந்த ஓரத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, அதில் பெயின்ட் அடித்திருப்பார்கள், ஓட்டையை மெழுகி அடைத்திருப்பார்கள். புதிதாக அறுத்த ஓரத்தைப் பார்க்க வேண்டும். பிளேடால் ஒரு நூல் ஆழத்துக்குச் சுரண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். அடுக்கை எண்ண வேண்டும். பதினெட்டு எம்.எம். நல்ல ஷீட்டில் பதினொன்றோ பதின்மூன்றோ மெல்லிய அடுக்கு இருக்கும், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கனம். மட்டத்தில் ஒன்பதுதான் இருக்கும், ஒன்று தடி, ஒன்று மெலிசு. அடுக்குக்கு நடுவே பசைக்கோடு கருப்பாக ஓடினால் தண்ணீருக்குத் தாங்கும் பசை. கோடே தெரியாமல் வெளுத்துக் கிடந்தால் அநேகமாக ஈரத்துக்கு ஆகாத பசை. நடுவில் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்குகிற இடத்தில் விரல் நகம் போகிற சந்து இருந்தால், அங்கே ஸ்க்ரூ பிடிக்காது.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகு, ராசிபுரம், பரமத்தி என்று எங்கெங்கிருந்தோ ஆசாரிகள் எனக்கு ஓரப் படம் அனுப்ப ஆரம்பித்தார்கள். "அக்கா, இது போடலாமா?" என்று கேட்பார்கள். வெயிலில் வைத்து, அளவுகோலை ஒட்டிப் பிடித்து, கிட்டே ஒன்று எட்ட ஒன்று எடுக்கச் சொல்வேன். முத்திரையைத் தனியாக எடுக்கச் சொல்வேன். படம் மங்கலாக இருந்தால் தெரியவில்லை என்றுதான் சொல்வேன், ஊகத்தில் சொல்லமாட்டேன். மைக்காவும் வரும். ஒரு எம்.எம். என்று விற்றது முக்கால்தான் இருக்கும். அதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும், படத்தில் தெரியாது என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

டீச்சர் அந்தக் கிச்சனைப் பிரித்து ஒரு வண்டியில் ஏற்றி என் பட்டறை வாசலில் கொட்டச் செய்திருந்தார். நான் கோபத்தில் அதைத் தொடவே இல்லை. பின்பக்கம் தகரத்துக்கு அடியில் கிடந்தது. பலகை ஓரத்துக்குப் பட்டை ஒட்டுகிற எட்ஜ் பேண்டிங் மெஷின் வாங்கி அதற்கு இடம் ஒதுக்கும்போதுதான் உடைத்துக் குப்பையில் போடலாம் என்று எடுத்தேன்.

உயர அலமாரியின் பக்கப் பலகையைத் திருப்பினேன். சுவரைப் பார்த்த பக்கத்துக்கு நாங்கள் மைக்கா ஒட்டுவதில்லை. வெறும் பிளைவுட். அதில், ஒரு மூலையில், முத்திரை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே சிவப்புக் கிரேயானில் பிள்ளையார் சுழி. நீண்ட வால், இடது பக்கக் கொக்கி. 'தி.கோடு – 6'.

பாய் எப்போதும் முத்திரை மூலையை வெட்டி வீசமாட்டார், சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி வைப்பார். எனக்கு அது தெரியும், ஒன்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. மாற்றியது பாய் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருக்கிறேன், அதுதான் விஷயம்.

 அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஓரத்தைப் புதிதாக அறுத்தேன். ஒன்பது அடுக்கு. மேலே ஒரு நூல் ஆழத்துக்கு மட்டும் சிவப்பு, அதற்குள்ளே மலிவான பாப்லர் மரம், பால் வெள்ளை. ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எழுபத்திரண்டு மணி நேரம் தாங்க வேண்டியது, நான் தோசை ஊற்றிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பிரிந்து மிதந்தது. முத்திரையில் இருந்த லைசென்ஸ் எண்ணை அரசாங்க ஆப்பில் அடித்துப் பார்த்தேன். எண் உண்மைதான். ஆனால் அது பிளைவுட்டுக்குக் கொடுத்த லைசென்ஸ் இல்லை, எங்கேயோ வடக்கே ஒரு கம்பெனியின் ஃப்ளஷ் கதவுக்குக் கொடுத்தது. கதவில் இருந்த எண்ணைப் பார்த்து ரப்பர் ஸ்டாம்ப் செய்து குடோனில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள்.

அந்த மூலையை மட்டும் சதுரமாக அறுத்து எடுத்து, பழைய புடவையில் சுற்றி பட்டறை பீரோவில் வைத்தேன். நேராகப் போய் அவர் முகத்தில் வீசியிருக்கலாம். கடைப் பையன் குத்திவிட்டான், கம்பெனி ஏமாற்றிவிட்டது, எனக்கு என்ன தெரியும் என்பார். எனக்கு அது போதாது. பாயைச் சொன்னபோது எத்தனை பேர் கேட்டார்களோ, அதைவிட அதிகம் பேர் கேட்க வேண்டும். அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அதற்கு வழி அவரே செய்து கொடுத்தார்.

எங்கள் தொழிலில் ஆசாரி மீட்டிங் என்று ஒன்று நடக்கும். பிளைவுட் கம்பெனி செலவு செய்யும், ஊர்க் கடைக்காரர் நடத்துவார். மண்டபம், மைக், பரிசு, பிரியாணி. அந்த வருட மீட்டிங் நாமக்கல்லில். அழைப்போடு ஆசாரிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டியும் வந்தது. யார் வேண்டுமானாலும் இரண்டு படம் அனுப்பலாம். முதல் படம் ஓரம். இரண்டாவது படம் அதே ஷீட்டின் முத்திரை. அண்ணா மேடையில் நின்று ஓரத்தை மட்டும் பார்த்து ரகத்தைச் சொல்வார். அதற்குப் பிறகு முத்திரைப் படத்தைத் திரையில் போட்டுச் சரிபார்ப்பார்கள். அவரைத் தோற்கடித்தால் டிரில் மெஷின் பரிசு.

படித்துவிட்டுச் சிரித்தேன். தனியாக, பட்டறையில், சத்தமாகச் சிரித்தேன்.

படம் எடுக்கக் காலை வெயிலுக்காகக் காத்திருந்தேன். ஓரத்தைப் பாதி சுரண்டி, பாதி சுரண்டாமல், அளவுகோலோடு ஒரு படம். முத்திரையை நெடுக்குவாக்கில் ஒரு படம், மேலே முத்திரை வர, அடியில் சுழி வர. என் பேரைப் போடாமல், திருச்செங்கோடு என்று மட்டும் போட்டுக் கம்பெனி ஆளுக்கு அனுப்பினேன்.

மண்டபத்தில் பெண் நான் ஒருத்திதான். நாலாவது வரிசையில், மடியில் பையோடு உட்கார்ந்தேன். அண்ணா பட்டுச் சட்டையில் ஜொலித்தார். முதல் படம், கரெக்ட். இரண்டாவது, கரெக்ட். யூகலிப்டஸும் பாப்லரும் மாற்றி மாற்றி வைத்த ஷீட்டைக்கூடத் திரையிலேயே பிரித்துச் சொன்னார். கூட்டம் விசிலடித்தது. மனுஷன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஏழாவதாக என் படம் வந்தது.

"அட, இதென்னுங்க எனக்குப் பரீட்சையா?" என்று சிரித்தார். லேசர் விளக்கால் திரையைத் தொட்டார். "இங்க பாருங்க, சிவப்பு மேலாப்புல மட்டும் நிக்குது, சுரண்டின பக்கம் வெள்ளை. சாயம். எண்ணுங்க, ஒம்பது அடுக்கு. பசைக்கோடு கண்ணுக்கே தெரியல. இந்தச் சந்துல எலி குடித்தனம் பண்ணலாம். பாப்லர் கமர்ஷியல், அதுலயும் கடைசி. இதைத் தண்ணி புழங்குற எடத்துல போட்டா ஆறு மாசம் தாங்காது சாமி."

"முத்திரையைப் பாக்கலாமா?" என்றார் கம்பெனி ஆள். திரையில் வந்தது. 710.

கூட்டம் ஓவென்று கத்தியது. "அண்ணா தோத்துட்டாருங்கோ! டிரில்லை எடுங்க!"

அவர் முகம் சிவந்துவிட்டது. தோல்வியை அந்த மனிதரால் தாங்கவே முடியாது. நான் நம்பி உட்கார்ந்திருந்தது அதைத்தான். "இருங்க, இருங்க" என்று மைக்கை இறுக்கிப் பிடித்தார். "நான் சொன்னதுதான் சரி. முத்திரைதான் பொய். மை மரத்துல கசிஞ்சிருக்குது பாருங்க, கம்பெனியில அடிச்சா இப்படியா கசியும்? எழுத்து கோணலு. கம்பெனி பேரு எங்கீங்க? இது எவனோ குடோன்ல வெச்சு ரப்பர் ஸ்டாம்புல குத்துனது."

பின் வரிசையிலிருந்து ஓர் ஆசாரி போனைத் தூக்கிக் காட்டினான். "அண்ணா சொல்றது நிசந்தானுங்க! நம்பரைப் போட்டா கதவுன்னு வருதுங்க!"

கூட்டம் சிரித்தது. அண்ணாவுக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தீங்களா? ஓரம் பொய் சொல்லாதுங்க. இதை மரைன்னு வித்தவன் திருட்டுப் பய. வாங்கின ஊட்டுக்காரன் வயிறு எரியும், அவன் உருப்பட மாட்டான்" என்றார். கைதட்டல் அடங்கவே நேரமானது.

நான் எழுந்தேன். "ஏனுங்க, அந்தப் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்களேன். அடியில இன்னும் கொஞ்சம் இருக்குது" என்றேன்.

கம்பெனி ஆள் இறக்கினார். சிவப்புச் சுழி திரை முழுக்க எழும்பி வந்தது. நீண்ட வால். இடது பக்கக் கொக்கி. 'தி.கோடு – 6'.

 முந்நூறு ஆசாரிகள், முந்நூறு பேரும் அந்தக் கொக்கியைத் தங்கள் பட்டறையில் பார்த்தவர்கள். சமையல்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. அண்ணா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புடவைத் துணியைப் பிரித்து அந்த மூலையை எடுத்து, வரிசையில் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்தேன். அது கை மாறிக் கை மாறி மேடைக்குப் போனது.

"இந்த ஷீட்டை மாத்தினது எங்க பாய்னு சொன்னீங்களேண்ணா" என்றேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "மாத்தினவர் இந்தச் சுழியையும் போட்டுட்டாருங்களா?"

அவர் மைக்கைக் கம்பெனி ஆள் கையில் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.  அப்பாடா என்றிருந்தது எனக்கு. உடம்பெல்லாம் குளிர்ந்தது. பிரியாணிக்கு நிற்காமல் வந்துவிட்டேன். டிரில் மெஷினையும் அந்த மூலைத் துண்டையும் மறுநாள் யாரோ பட்டறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். துண்டைப் பழையபடி புடவையில் சுற்றி பீரோவில் வைத்தேன், டிரில் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் கடை வாசலில் ஆட்கள் ஷீட்டை இறக்கிவைத்து பிளேடால் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னார்கள். கம்பெனி தன் போர்டைக் கழற்றிக்கொண்டு போனது. சுழி போட்ட சரக்கா என்று கேட்டுச் சிரிப்பது வட்டாரத்தில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. விஷயம் காதுக்கு எட்டி டீச்சரும் போன் செய்து அழுதார். மறுபடி கிச்சன் செய்து தர வேண்டுமாம். சரி என்று மட்டும் சொன்னேன்.

பத்தாம் நாள் மத்தியானம் அண்ணா பட்டறைக்கே வந்தார். கையில் ஆப்பிள் பை. பட்டுச் சட்டை இல்லை. பத்து வயது கூடின மாதிரி இருந்தார்.

"அம்மிணி, கடையை மூடுற நெலமைக்கு வந்துட்டேன். குடோன் ஆளுக பண்ணின தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை குழுவுல போட்டீங்கன்னா…"

"ஓரத்தைப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா இல்லீங்களா? அன்னிக்குக் கல்லாவுல உக்காந்து போட்டோவைப் பாத்தீங்களே, அப்ப?"

ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மேடையில் அத்தனை பேர் முன்னால் ஒரு நொடியில் கண்டுபிடித்தவர், தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வார்?

"தெரிஞ்சே ஒரு மனுஷனைத் திருடன் ஆக்கினீங்க" என்றேன். "குழுவுல நான் ஒண்ணும் போடமாட்டேன். சூரமங்கலத்துக்குப் போங்க. அவர் ஊட்டு வாசல்ல நில்லுங்க. அவர் பொண்டாட்டி பிள்ளைக முன்னால, பாய் மாத்தல, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வாங்க. அப்பறம் பேசலாம். ஆப்பிளை எடுத்துக்கிட்டுப் போங்க, அவிங்க ஊட்டுல கொடுங்க."

போனார். தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனதை வாசலில் நின்று கடைசிவரை பார்த்தேன். பாய்க்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் பாயே போன் செய்தார். இரண்டு வருடத்துக்கு மேலாயிற்று அவராகக் கூப்பிட்டு.

"வந்தாரும்மா" என்றார். "வாசல்லயே நின்னாரு. சொன்னாரு. தெருவே பாத்துச்சு. உள்ள கூப்பிட்டு டீ கொடுத்தேன்."

"அவருக்கெல்லாம் எதுக்கு பாய் டீ?" என்றேன். "விடுங்க. உங்க பேரு சுத்தமாயிடுச்சு இல்ல, அது போதும். டீச்சர் வூட்டு வேலை மறுபடி வந்திருக்கு. எப்ப வரீங்க?"

 அந்தப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது.

"அவரு என்னைத் திருடன்னு சொன்னப்ப எனக்கு வலிக்கலம்மா" என்றார் பாய். குரலில் கோபமே இல்லை. "கடைக்காரரு, தப்பிக்கச் சொல்வாரு. எங்க ஊட்டுக்கு வர வேண்டியது ரெண்டு பேரு. ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டாரு."

போனை வைத்துவிட்டார். நான் பட்டறை விளக்கை அணைத்தேன். பீரோவைத் திறந்து, அந்தப் பழைய புடவையில் சுற்றிய மூலையை எடுக்கப் போனேன், அதைப் பாயிடம் காட்டலாம் என்று. பிறகு எடுக்காமலே மூடினேன். வெறுங்கையோடு ஷட்டரை இறக்கிவிட்டு சேலம் பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.